பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து

கடைக் கதவை டீச்சர் தள்ளிக்கொண்டு வந்த வேகத்திலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இவர் விலை விசாரிக்க வந்தவர் இல்லை, திருப்பிக் கொடுக்க வந்தவர் என்று. நெஞ்சோடு அணைத்து வந்த பெட்டியை மேசைமேல் தொப்பென்று இறக்கினார்.

"A கிரேடுன்னு சொல்லித்தானே வித்தீங்க? ஒரு மணி நேரம் சார்ஜ் நிக்கல. கரண்ட் போனா என் ஆன்லைன் வகுப்பும் போயிடுது. இருபது பிள்ளைங்க டீச்சர் எங்க டீச்சர் எங்கன்னு தேடுதுங்க."

பழைய லேப்டாப்புகளைச் சரிசெய்து விற்கிற கடை அது. அலுவலகங்கள் கழித்துக்கட்டியதை மொத்தமாக எடுத்து வந்து, பிரித்து, துடைத்து, சோதித்து, A, B, C என்று தரம் பிரிப்பது அக்காவின் வேலை. கொண்டையில் எப்போதும் திருகாணி கழற்றும் திருப்புளி ஒன்று செருகியிருக்கும். படம் பிடித்து, அதன் கீழே நாலு வரி எழுதி, இணையத்தில் விற்பது தம்பி. அவன் எழுதும் நாலு வரியில் ஆறு ஆச்சரியக்குறி இருக்கும்.

"ரிட்டர்ன் ஏழு நாள்னு போட்டிருக்கோம் டீச்சர். பில் தேதியிலிருந்து இன்னிக்கு ஒன்பதாவது நாள்," என்றான் தம்பி, நாற்காலியை விட்டு எழாமலே.

"பெட்டி என் வீட்டுக்கு வந்ததே நாலாவது நாள். வராத பெட்டிய எப்படித் திருப்பித் தர்றது? கனவுலயா?"

அக்கா இழுப்பறையைத் திறந்து சோதனைச் சீட்டுகளைப் புரட்டினாள். இந்த இயந்திரத்தின் சீட்டு கிடைத்தது. அவள் கையெழுத்தேதான்: பேட்டரி, புதிதில் பிடித்த அளவில் 54 சதவீதம். எழுதிவிட்டு உள்ளே போட்டு மூடியிருக்கிறாள். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இத்தனை நாளாக இழுப்பறைக்குள் தூங்கியிருக்கிறது. காது மடல் சுட்டது.

"தப்பு எங்க மேலதான் டீச்சர். A-ன்னா வெளியில கீறல் இல்லைன்னுதான் அர்த்தம். பேட்டரிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல."

"அதை எங்க போட்டிருந்தீங்க?"

"எங்கயும் போடல."

"அக்கா!" என்று தம்பி பல்லைக் கடித்தான்.

"என்னடா அக்கா? எடுத்துக்கறோம் டீச்சர். முழுப் பணமும் திரும்பி வரும். நாங்க வெச்ச குறை, அனுப்பின செலவுகூட உங்க தலையில விழாது." பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். "நாளைக்குப் போடறதை நான் எழுதறேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு நாற்பது லேப்டாப்புகள் விற்பனைக்கு வரவேண்டும். போன தடவை விற்றது முப்பது. திரும்பி வந்தது பதினொன்று. இன்னொரு முறை இப்படி நடந்தால் கடையின் பக்கத்தையே மூடிவிடுவோம் என்று விற்பனைத் தளத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. பக்கம் போனால் கடையும் போனமாதிரிதான்.

"புத்தம் புதுசு மாதிரி, வாரண்டி உண்டு, ஈஸி ரிட்டர்ன். இதுல என்ன குறை?" என்றான் தம்பி.

"மூணும் குறைதான்."

"கீறல், பள்ளம்னு நீ எழுதி வெச்சா எவன் வாங்குவான்?"

"எழுதாததாலதான் பதினொன்னு திரும்பி வந்துச்சு."

"வித்தாத்தானே திரும்பி வரும்? உன் வழியில ஒன்னுமே விக்காது, ஒன்னுமே திரும்பாது. ரொம்ப நிம்மதி!"

டீச்சர் கிளம்பவில்லை. கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நீ எழுதும்மா. எனக்கு லேப்டாப்பைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது. எனக்குப் புரிஞ்சா ஊருக்கே புரியும்."

அக்கா எழுதிக் கொடுத்தாள். டீச்சர் முதல் வரியிலேயே சிவப்பில் ஒரு வட்டம் போட்டார்.

"C-ன்னா பாதிதான் வேலை செய்யுமா?"

"ஐயோ, இல்ல! நாப்பதும் ஒரே சோதனையில தேறினதுதான்."

"என் பிள்ளைங்க C வாங்கினா வீட்டுல அடி விழும். அப்படித்தானே நினைப்பாங்க? அதை முதல்ல சொல்லு. ‘வாரண்டி ஆறு மாதம்.’ எதுக்கு?"

"போர்டு, திரை, கீபோர்டு, டிஸ்க், ஒயர் சொருகற இடங்கள். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் மூணு மாசம்."

"கீழ போட்டு உடைச்சா?"

"வராது."

"வராதுன்னும் எழுது. அது தெரியாம வர்றவங்கதான் சண்டை போடுவாங்க. நான் போட்ட மாதிரி."

நான்கு தாள் கிழிந்தது. வெளியே இருட்டத் தொடங்கியபோது ஐந்தாவது தாளில் சிவப்பு விழவில்லை. தம்பி அதை வாங்கி உரக்கப் படித்தான்.

‘இவை பயன்படுத்திய லேப்டாப்புகள். நாற்பதும் ஒரே சோதனையில் தேறியவை. A, B, C என்பது வெளித்தோற்றம் மட்டுமே. A: கை நீட்டும் தூரத்தில் பார்த்தால் கீறல் தெரியாது. B: மூடியில் மெல்லிய கீறல், தேய்ந்து பளபளக்கும் விசைகள். C: பள்ளமோ ஆழமான கீறலோ உண்டு, எங்கே என்று படத்தில் வட்டமிட்டிருக்கிறோம். பேட்டரியின் அளவு ஒவ்வொரு படத்தின் கீழும் தனியாக இருக்கிறது. சோதனைச் சீட்டு பெட்டிக்குள் வரும். வாரண்டி ஆறு மாதம். பேட்டரிக்கும் சார்ஜருக்கும் மூன்று மாதம். கீழே விழுந்தது, தண்ணீர் பட்டது, வேறு ஆளிடம் கொடுத்துப் பிரித்தது இதில் சேராது. பிடிக்காவிட்டால் ஏழு நாளுக்குள் திருப்பலாம். வாரண்டி, ஏழு நாள் இரண்டும் பெட்டி உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து. எங்கள் குறை என்றால் அனுப்பும் செலவு எங்களுடையது. மனம் மாறினால் உங்களுடையது.’

"ஒரு ஆச்சரியக்குறிகூட இல்ல," என்றான் பரிதாபமாக.

"வேணும்னா உன் பேருக்குப் பின்னால ஒன்னு போட்டுக்கோ."

டீச்சர் எழுந்தவர் அலமாரி முன் நின்றார். "அந்தப் பதினேழாம் நம்பர்?"

"C டீச்சர். மூலையில பள்ளம். பேட்டரி மட்டும் தொண்ணூத்தி ஒன்னு."

"பிள்ளைங்களுக்கு என் மூஞ்சிதான் தெரியும், மூடி தெரியாது. அதையே குடு."

தம்பி பில் போட்டான்.

காலை பத்து மணிக்கு முப்பத்தொன்பது படங்கள் ஏறின. பத்தரை வரை ஒரு சத்தமும் இல்லை. தம்பி கடைக்குள்ளேயே நடந்து தரையைத் தேய்த்தான். "இன்னும் நேரம் இருக்கு, ‘புதுசு மாதிரி’ன்னு ஒரே ஒரு வார்த்தை..."

"கையை வெச்சே, திருப்புளியால குத்துவேன்."

பத்து நாற்பதுக்கு ஒரு கேள்வி வந்தது: எட்டாம் எண் கீறல் மூடியிலா, உள்ளேயா? மூடியில் என்று அக்கா பதில் போட்டாள். உடனே அது விற்றது. அதற்குப்பின் வந்த கேள்விகள் குறைவு. பேரம் பேசியவர்கள் பேசினார்கள், முகம் சுளித்தவர்கள் போனார்கள். ஞாயிறு மாலை நான்கு மிச்சம், எல்லாமே B.

"நாலு நிக்குது," என்றான் தம்பி.

"நிக்கட்டும். போன முப்பத்தஞ்சும் போன இடத்துல நிக்கணும். அதைப் பாரு."

கடைசிப் பெட்டி வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தது. அக்கா நாட்காட்டியில் அடுத்த வியாழனை வட்டமிட்டாள். தினமும் கூரியர் வண்டிச் சத்தம் கேட்டால் கொண்டைத் திருப்புளியைத் தொட்டுக்கொள்வாள். முதல் நாள் ஒன்றும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை. ஆறாம் நாள் ஒரு பெட்டி இறங்கியது. அந்த வியாழன் கடை சாத்தும்வரை வேறு எதுவும் வரவில்லை.

"போன தடவை பதினொன்னு, இந்தத் தடவை ஒன்னே ஒன்னு," என்றான் தம்பி. அவன் முகத்தில் வெளிச்சம். "பக்கம் தப்பிச்சுது அக்கா! அந்த ஒன்னுதான் எதுக்காம்?"

அக்கா பெட்டிக்குள் இருந்த துண்டுக் காகிதத்தைப் படித்தாள். "கறுப்புன்னு நினைச்சாராம். இது சாம்பல்."

"அதுக்கு நாம என்ன செய்ய முடியும்? மனசு மாறினதுதானே, செலவு அவரோடது."

"செலவு அவரோடதுதான்." அக்கா ஐந்தாவது தாளை இழுத்து வைத்துக்கொண்டாள். "நிறம் என்னன்னு நாம போட்டோமா?"

தம்பி யோசித்தான். தலையைச் சொறிந்தான். பிறகு பேனாவை எடுத்து அவனே நீட்டினான்.