ஒற்றை ‘வா’

“அந்தச் சாமானையும் தூக்கிட்டு நீங்களும் போங்க. இது எண்ட சீதன வீடு.”

நிப்லாவின் குரல் சாய்ந்தமருதின் அந்த ஒழுங்கையின் கடைசி வீடு வரை கேட்டது. சரியாகக் கேட்காதவர்கள் வேலிக்குக் கிட்ட வந்து கேட்டுக்கொண்டார்கள். உடுப்புக் கழுவிய பெண்களுக்கு அன்று அலசி முடிக்கவே மனம் வரவில்லை.

“புள்ளைக்கு இங்கிலீசு வரட்டும் எண்டுதானே வாங்கின. அதுக்கு என்னத்துக்குக் கத்துறாய்?” என்றான் அவள் புருசன் ஸப்ரி. அவன் கையிலிருந்த பேசும் பலகை, யாரும் கேட்காமலே “ஏ ஃபோர் அப்பிள்” என்றது.

சண்டை தொடங்கியது, ஒன்றாம் வகுப்புக்குப் போகும் ஆறு வயது மகள் நுஹாவுக்கு எந்தப் பரிசு நல்லது என்பதில். உள்ளே கிடந்ததோ வேறு. கட்டாரிலிருந்து லீவில் வந்தவன் இனித் திரும்பிப் போகமாட்டான் என்று நிப்லா நம்பியிருந்தாள். அவன் பிளேன் ரிக்கற் எடுத்துவிட்டான். வேலிக்கு இதெல்லாம் முந்தின கிழமையே தெரியும்.

நிப்லாவின் தங்கை ஸம்றா ஒன்றாம் வகுப்பு டீச்சர். சும்மா இருந்திருக்கலாம்.

“மச்சான், இத அமத்தினாச் சத்தந்தான் வரும். எழுத்தைப் புள்ள கையால எடுத்து அடுக்கணும். நான் வாங்கிக் குடுத்த எழுத்துப் பெட்டியப் பாருங்க. மரம், படம், உம்மா எண்டு தானாவே வைக்கிறாள்.”

“ஓம், உம்மாவ வைக்கிறாள். வாப்பா எங்க?” ஸப்ரி தன் நெஞ்சைத் தட்டிக் கேட்டான்.

ஸம்றாவிடம் பதில் இருந்தது. ஒரேயடியாக எல்லா எழுத்தையும் கொட்டினால் பிள்ளை மிரண்டுவிடும். தெரிந்த சொல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அதை அவள் சொல்வதற்குள் ஸப்ரி பலகையைப் போட்டுவிட்டுப் பேக்கைத் தூக்கிவிட்டான்.

“நான் அட்டாளச்சேனையில உம்மாட ஊட்டுலதான் இருப்பன். பிளேனுக்குப் போறதுக்குள்ள எண்ட புள்ள ‘வாப்பா வா’ எண்டு ஒரு சொல் சொல்லட்டும். வந்து நிப்பன், பயணத்தையும் உட்டுருவன்.”

கதவுக்குப் பின்னால் நின்ற நுஹா அதைக் கேட்டாள். நிப்லாவும் கேட்டாள். உடனே போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

“இந்த ஊட்டுல இனி அந்த ஆள்ற கதைய ஒருத்தரும் எடுக்கப்படா.”

நுஹா எடுக்கவில்லை. ஸம்றாவிடம் வேறு எழுத்துகள் கேட்டாள். வா, ப், பா. கேட்ட விதத்திலேயே ஸம்றாவுக்கு விளங்கிவிட்டது; அல்லது விளங்கியதாக நினைத்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் பாயில் மூன்று அட்டைகள் இருந்தன: ப் பா வா.

“பிழை, கிளி. வா முன்னுக்கு வரணும்.” ஸம்றா எடுத்து முன்னுக்கு வைத்தாள். வாப்பா.

நுஹா அதைப் பழையபடி பின்னுக்கு நகர்த்தினாள். ஸம்றா பொறுமையாகத் திரும்பவும் திருத்தினாள். டீச்சர்மாருக்குப் பொறுமை நிறைய.

“அப்ப வா எங்க, சாச்சி?”

“இந்தா இருக்கே, முன்னுக்கு. பாரு.”

பிள்ளை முன்னுக்கு இருந்த வாவை விரலால் தொட்டுப் பார்த்தாள். சாச்சி படிப்பிக்கிறவள், சாச்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும். “வாப்பாக்கு அனுப்புவீங்களா?” என்று காதுக்குள் கேட்டாள்.

ராத்தா நிப்லாவுக்குத் தெரியாமல் ஸம்றா படம் எடுத்து அனுப்பினாள். ‘மகள் அடுக்கின சொல்’ என்று பெருமையாகக் கீழே எழுதினாள். அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு பெருவிரல் படம் வந்தது, அவ்வளவுதான்.

நுஹா பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உடுப்பு மாற்றாமல் கேற்றடியில் நின்றாள். ஐஸ்கிறீம்காரனுக்காக நிற்கிறாள் என்று ஒழுங்கை சொன்னது. ஸப்ரி கட்டாருக்குப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு ஒருநாள் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தேடிக்கொண்டிருந்தவள் கேட்டாள்:

“சாச்சி, கடையில இன்னொரு வா விக்குமா?”

ஸம்றா பெட்டியைப் பார்த்தாள். எல்லா எழுத்தும் ஒவ்வொன்று. ஒரு வா. அதை முன்னால் வைத்தால் வாப்பா. பின்னால் வைத்தால் கூப்பிடலாம், ஆனால் ஆள் பாதிதான் இருப்பார். திருத்தித் திருத்தி அந்தக் கூப்பாட்டைத் தானே எடுத்துவிட்டது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒரு வா எழுதி வெட்டிக் கொடுத்தாள். அவசரத்தில் கோணலாக வந்தது. நுஹா வைத்தாள்: வாப்பா வா. படம் போனது.

குரலில் பதில் வந்தது. “கடைசி எழுத்து ஒங்கட கையெழுத்து, மச்சி. புள்ள கூப்புடல்ல. கூப்புடுறதெண்டா அண்டைக்கே கூப்பிட்டிருப்பாள். ராத்தாக்காக என்னை ஏமாத்தாதீங்க.”

பெட்டியில் ஒரு வாதான் இருந்தது என்று ஸம்றா எழுதியதையெல்லாம் அவன் பார்த்தான். பதில் போடவில்லை.

காதியாரிடம் போய் விவாகரத்தாக முடிந்தது. ஸப்ரி அடுத்த லீவில் அட்டாளைச்சேனையில் இன்னொரு நிக்காஹ் செய்தான். ஸம்றா வரிப்பத்தான்சேனையில் வயல்காரர் ஒருவரைக் கட்டி, மாற்றம் எடுத்துக்கொண்டு போனாள். சீதன வீட்டை வாடகைக்கு விட்டு நிப்லா மகளோடு கல்முனைக்கு மாறினாள். சாமான் ஏற்றிய அன்று பேசும் பலகை வேலிக்கு இந்தப் பக்கம், எங்கள் வீட்டுக்கு வந்தது. எழுத்துப் பெட்டியை மட்டும் நுஹா தன் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.