அட்டை இல்லாத எட்டு அடி

பெய்ஜூ கதவு நிலையைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்கும் அந்தப் படச்சுருள் துண்டு சரியாக எட்டு அடி. அடிக்குப் பதினாறு படம், நொடிக்கு ஓர் அடி. திரையில் எட்டு நொடி ஓடும். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்து நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெய்ஜூ என் மனைவி. இரண்டு மாதமாக இதே ஊரில் ஹோங்கோ பேட்டையில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். திரும்பி வருவதா வேண்டாமா என்பதைப் படம் வெளியான பிறகு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்.

ஷாங்காயில் எங்களுடையது பேசாப்படம் எடுக்கும் சின்னக் கம்பெனி. நான் அங்கே அட்டை எழுதுகிறவன், யான் என்பது என் பெயர். நடிகர்கள் வாயசைப்பார்கள், என்ன சொன்னார்கள் என்பதைக் கறுப்புப் பலகையில் வெள்ளை மையால் எழுதி, அதைத் தனியாகப் படம் பிடித்து, வாயசைப்புக்கு நடுவே வெட்டி ஒட்டுவோம். எத்தனை நொடி நிற்க வேண்டும் என்பதற்கு எனக்கு ஒரு கணக்கு உண்டு: நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படிப்பேன். கொட்டகைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. தெரிந்தவர் பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவார். ஒவ்வோர் அட்டை வரும்போதும் அரங்கு பள்ளிக்கூடம் மாதிரி இரையும். ஊருக்கெல்லாம் வசனம் எழுதுகிற நான் வீட்டில் வாயே திறப்பதில்லை என்பதுதான் பெய்ஜூவின் குறை. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் நாலு வரி, அதுவும் அளந்து என்பாள். அது பொய்யில்லை.

படத்தில் அவள் வீட்டைவிட்டுப் போகிற மனைவி. டைரக்டர் ஃபாங், நடிப்பு கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும் என்கிற ஆள். துக்கம் என்றால் புறங்கை நெற்றிக்குப் போக வேண்டும். கோபம் என்றால் மார்பு மூன்று தரம் ஏறி இறங்க வேண்டும். காதல் என்றால் கண் முதலில் தரைக்கும் பிறகு கூரைக்கும். பெய்ஜூ இதிலெல்லாம் கெட்டிக்காரி. மயங்கி விழுந்தால் நாற்காலியும் சேர்ந்து மயங்கும். ஆனால் இந்த எட்டு அடியில் அவள் ஒன்றுமே செய்யவில்லை. நிலையில் கை. திரும்புகிறாள். உதடு நாலைந்து முறை அசைகிறது. போய்விடுகிறாள். நான் அன்றைக்குப் படப்பிடிப்பில் இல்லை. ஃபாங்கைக் கேட்டால், அவள் என்ன சொன்னாளோ, தான் கத்திக்கொண்டிருந்ததில் தன் காதில் எதுவும் விழவில்லை என்றார்.

முதலாளி ஹௌ சனிக்கிழமை மதியக் காட்சிக்கு முன்னால் அட்டை வேண்டும் என்றார். எது வேண்டும் என்று கேட்டேன்.

"நல்லவளா கெட்டவளான்னு மட்டும் தெளிவா போடுய்யா. அது தெரியலைன்னா காசு குடுத்தவன் யாரத் திட்டுவான்?"

இரண்டு அட்டை எழுதினேன். 'என் மனசு இந்த வீட்டில்தான் இருக்கிறது' என்று ஒன்று. 'இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன்' என்று இன்னொன்று. முதலாவதை நடுவில் வைத்துப் பார்த்தேன். என்ன ஏக்கம் அந்த முகத்தில். எடுத்துவிட்டு மற்றதை வைத்தேன். அதே முகம், அதே கண், கல்நெஞ்சக்காரி. ஊர் ஜனங்களை இப்படி நம்பவைத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான். என் மனைவியின் முகத்தில் எனக்கே அந்த வேலை நடந்தபோது பயமாக இருந்தது. ஏக்கம் என்று எழுதி அவள் வராமல் போனால்? வாசலை மிதிக்க மாட்டேன் என்று நானே எழுதி அவள் கையில் கொடுத்தால்? கடைசியில் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, ஓரத்தைச் சுரண்டிப் பசை தடவி, படத்தோடு படத்தை ஒட்டிவிட்டேன். முகம் மட்டும் நின்றது.

அதில் ஒன்றை மறந்துபோனேன். கொட்டகையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பியானோ வாசிக்கும் டோங்கிடம் ஒரு தாள் இருக்கும். இந்த அட்டை வந்தால் இந்தப் பாட்டு என்று வரிசையாக அதில் எழுதியிருக்கும். அவர் படத்தைக்கூட முழுசாகப் பார்ப்பதில்லை, அட்டையைத்தான் பார்ப்பார். பெய்ஜூ போகிற காட்சிக்கு முந்தியது கொழுந்தனின் கல்யாணம். அட்டை வந்ததும் கல்யாணப் பாட்டை நிறுத்திச் சோகத்துக்கு மாற வேண்டும்.

சனிக்கிழமை பெய்ஜூ அக்காவோடு அரங்கின் நடுவழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். அந்த இடம் வந்தது. முகம் திரையை நிறைத்தது. டோங் அட்டைக்காகக் காத்துக்கொண்டே கல்யாணப் பாட்டைப் போட்டுத் தாளித்தார். வயலின்காரரும் விடவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். என் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடை ஆள், எழுத்துத் தெரியாத தன் அம்மாவை அழைத்து வந்திருந்தார். அதுவரை எல்லாவற்றையும் படித்துச் சொன்ன பழக்கத்தில், அம்மா முழங்கையால் இடித்ததும் திரையில் இல்லாததையும் படித்துவிட்டார்.

"அப்பாடா, இப்பதான் மூச்சு விட முடியுதுன்னு சொல்றாம்மா."

இரண்டு வரிசை முன்னால் இன்னொருவர், குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள், வந்துவிடுகிறேன் என்று படித்தார். அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று இவர் கேட்க, நீர் படித்தது மட்டும் எங்கே எழுதியிருக்கிறது என்று அவர் கேட்க, எனக்குத் தலை சுற்றியது. யார் சொன்னாலும் அந்த நிமிஷம் அது சரி என்றே பட்டது.

படம் முடிந்தும் படிக்கட்டு முழுக்க அதே சண்டை. என்னைத் திட்டுவதற்கென்றே வந்த ஹௌ, நாலைந்து பேர் மறுபடி டிக்கெட் வாங்குவதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். டோங்தான் தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"யான் தம்பி, அடுத்த ஆட்டத்துல அங்க நான் என்னத்த வாசிக்கிறது? சந்தோஷமா, துக்கமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன். எழுதினவனுக்கே தெரியாதா என்பதுபோலப் பார்த்தார். பின்னால் பெய்ஜூ வந்து நின்றிருந்தாள்.

"ஒண்ணும் வாசிக்காதீங்க. நீங்களும் வயலின்காரரும் கைய மடியில வெச்சுக்குங்க."

டோங் தாளில் குறித்துக்கொண்டு போனார். நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அந்த இடத்தில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். இரண்டு மாதத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது என்பது கேட்ட பிறகுதான் உறைத்தது.

"நாலு நாளா கண்ணாடி வெச்சு என் வாயப் பாத்தீங்களாமே. ஃபாங் சொன்னாரு. ட்ராம் ஏறினா பத்து நிமிஷம், அக்கா வீடு. நேர்ல வந்து கேட்டிருக்கலாம்ல?"

கோபமாகச் சொன்னாளா, சிரித்துக்கொண்டு சொன்னாளா? எதிரில் நின்றும் எனக்குப் புரியவில்லை. இப்போது கேட்கிறேனே என்றேன். அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்தது. அவள் உள்ளே போய்விட்டாள். அக்கா கிளம்பிவிட்டிருந்தாள், இவள் மட்டும் அதே இடத்தில் உட்கார்ந்தாள். ஜவுளிக்கடை ஆளும் அம்மாவும் மறுபடி என் பக்கத்தில்.

கல்யாணக் காட்சி முடிந்தது. டோங் கையை மடியில் வைத்தார், வயலின் இறங்கியது. அரங்கில் தர்பூசணி விதை கொறிக்கிற சத்தம்கூட நின்று, படக்கருவி சுற்றுகிற கடகடப்பு மட்டும் கேட்டது. நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தேன். அவளும் திரையைப் பார்க்கவில்லை. திரை வெளிச்சம் முகத்தில் பாதிக்கு விழ, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது, சொன்னது எனக்கு எட்டவில்லை. பக்கத்தில் கிழவி திரையைப் பார்த்தபடி மகனை இடித்தாள். என்ன சொல்றா, என்ன சொல்றா என்றாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். நானும் கிழவியோடு சேர்ந்து அவர் வாயைப் பார்த்தேன்.