ஏழாம் வார்டு குழாய்ப் படம்

2023 ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. அம்பாசமுத்திரத்திலிருந்து ஆழ்வார்குறிச்சி போகும் வழியில் உள்ள ஒரு பேரூராட்சியின் ஏழாம் வார்டில், காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையே பதினான்கு தெருக்குழாய்கள் திறந்து பார்க்கப்பட்டன. ஒன்பதில் தண்ணீர் வந்தது. ஐந்தில் வரவில்லை.

திறந்து பார்த்தவர்கள் அந்த ஊர் அரசுப் பள்ளியின் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள். அனுப்பி வைத்தவர் சமூக அறிவியல் ஆசிரியை அனுராதா. பாடப்புத்தகத்தில் வரைபடக் குறியீடுகள் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும். அனுராதாவுக்கு அது போதாது. பிள்ளைகள் நடந்து, எண்ணி, தங்கள் கையால் வரைந்தால்தான் படம் என்றால் என்னவென்று தெரியும் என்பது அவருடைய எண்ணம்.

அதற்கு முந்தைய வாரமே பள்ளி மைதானத்தில் டேப் பிடித்து இருபது மீட்டர் கோடு போட்டு, ஒவ்வொருவரையும் அதன்மேல் நடக்கவிட்டார். ஒருவனுக்கு முப்பத்திரண்டு எட்டு, இன்னொருத்திக்கு முப்பத்தாறு. அவரவர் எட்டை அவரவர் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். தெருவில் எண்ணி வரும் எட்டுகளை மீட்டராக்கி, பத்து மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று சார்ட்டில் இறக்க வேண்டும். கடைக்குச் சிவப்புச் சதுரம். தண்ணீர் வரும் குழாய்க்கு நீலம் நிரப்பிய வட்டம். வராத குழாய்க்கு வெறும் வட்டம்.

இன்னொரு விதியும் வைத்திருந்தார். யாரும் தன் தெருவைப் பார்க்கப் போகக் கூடாது. காரணம் இருந்தது. போன வருடம் மரங்களைக் குறிக்கச் சொன்னபோது ஒரு பையன் தன் வீட்டு முன்னால் ஒரு புளியமரத்தை வரைந்திருந்தான். அந்த மரத்தை வெட்டி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தெரிந்த தெருவில் பிள்ளைகள் பார்க்க மாட்டார்கள், நினைவிலிருந்து எழுதிவிடுவார்கள் என்று அன்றைக்கே முடிவு செய்தார். வட்டாரப் பயிற்சி ஒன்றில் இதைச் சொல்லிப் பாராட்டும் வாங்கியிருந்தார்.

அப்படித்தான் வாய்க்கால்கரைத் தெரு அப்ராருக்கும் அவன் கூட்டாளிக்கும் போனது. அந்தத் தெருக்காரி பொன்செல்வி கடைத்தெருவுக்குப் போனாள்.

திங்கட்கிழமை வகுப்பில் எல்லாருடைய துண்டுப் படங்களையும் சேர்த்து ஒரே சார்ட்டில் ஏற்றியாகிவிட்டது. ஸ்கெட்ச் பேனாவால் கோடெல்லாம் போட்டு, தலைப்பு, வடக்குக் குறி, அளவு, குறியீட்டு விளக்கம் எல்லாம் எழுதி முடித்துப் பார்த்தபோது படம் அழகாகவே இருந்தது. பொன்செல்வி மட்டும் பெஞ்சை விட்டு எழுந்து வந்து கிட்டத்தில் நின்று பார்த்தாள்.

"டீச்சர், எங்க தெருக் குழாய்ல தண்ணி வரும் டீச்சர். இவன் வெறும் வட்டம் போட்டிருக்கான்."

"திருகித் திருகிக் கையே வலிச்சிட்டு டீச்சர்," என்றான் அப்ரார். "தண்ணியா? காத்துகூட வரல. பொன்செல்வி வந்து ஊதிப் பாக்கட்டும்."

வகுப்பு சிரித்தது.

"ஏலே, நீ போன நேரத்துல வராது. இன்னைக்குக் காலையில கூட எங்கம்மா நாலு குடம் புடிச்சா."

அனுராதா சார்ட்டைப் பார்த்தார். பேனா மை அழியாது. சுதந்திர தினக் கண்காட்சிக்கு எட்டு நாள்தான் இருந்தது. ஆனால் அவர் சொன்ன காரணம் அது அல்ல.

"அவன் நேர்ல போய்ப் பாத்து எழுதியிருக்கான். கேட்டதையும் நெனச்சதையும் படத்துல போட ஆரம்பிச்சா அப்புறம் அது படமே இல்ல. புளியமரக் கதை மறந்துபோச்சா?"

பொன்செல்வி போய் உட்கார்ந்துகொண்டாள். பின்னாளில் அனுராதா அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். இன்னைக்குக் காலையில என்று அந்தப் பிள்ளை சொன்னதைக் காது கேட்டிருந்தது. அதுவும் நேரில் பார்த்ததுதான் என்பது மட்டும் அப்போது உறைக்கவில்லை.

ஆகஸ்ட் பதினைந்தன்று கொடியேற்றி முடித்து, மிட்டாய் கொடுத்துவிட்டு, வார்டு கவுன்சிலர் பெருமாள்ராஜ் கண்காட்சியைச் சுற்றி வந்தார். குழாய்ப் படத்தின் முன்னால் நின்றவர் நகரவில்லை.

"எங்க ஆபீசுலகூட இப்படி ஒரு படம் கெடையாது டீச்சர். எந்தக் குழாய் எங்கன இருக்குன்னு எனக்கே முழுசாத் தெரியாது. ஓட்டுக் கேக்கப் போகையில பாத்ததுதான்."

"பிள்ளைங்க நடந்து அளந்தது சார்," என்றார் அனுராதா.

"அதான் சொல்லுதேன். இதுல ஒண்ணு எனக்குத் தர முடியுமா? தெருவுக்குப் பேவர் பிளாக் கல்லு பதிக்கிற வேல வருது, உதவும்."

செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அனுராதா அதோடு விடவில்லை. மறுவாரம் நல்ல தாளில் ஒரு பிரதி போடச் சொல்லி, பள்ளி முத்திரை வைத்து, பேரூராட்சி அலுவலகத்தில் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். தன் பிள்ளைகள் போட்ட படம் ஓர் அலுவலகத்துக்குப் பயன்படுகிறது என்பதில் அவருக்கு இருந்த பெருமை சின்னதல்ல. அம்பாசமுத்திரத்தில் வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் இரண்டு முறை சொன்னார்.

நவம்பர் கடைசியில் பொன்செல்வி தினமும் தாமதமாக வர ஆரம்பித்தாள். முதல் பாடவேளை பாதியில் வாசலில் வந்து நிற்பாள். பாவாடை ஒரு பக்கம் நனைந்திருக்கும். நான்காவது நாள் அனுராதா அவளை வெளியே கூட்டிப்போய்க் கேட்டார்.

"தண்ணி எடுக்கப் போனேன் டீச்சர். பஸ் ஸ்டாண்டுக்கு."

"பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்கு? உங்க தெருக் குழாய் என்னாச்சு?"

"அதத்தான் நீங்க வெறும் வட்டமாப் போட்டுட்டீங்கள்லா. புடுங்கிட்டாவ."

குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. கணக்கில் விடை சொல்வதுபோலச் சொன்னாள்.

சாயங்காலம் அனுராதா பஸ்ஸுக்குப் போகாமல் வாய்க்கால்கரைத் தெருவுக்கு நடந்தார். ஊருக்குள் அந்தத் தெருவுக்கு அவர் போனது அதுவே முதல் தடவை. வாய்க்காலுக்கும் சாலைக்கும் நடுவில் ஒரே வரிசையாகப் பதினோரு வீடுகள். புதுப் பேவர் பிளாக் சிவப்பும் சாம்பலுமாகப் பளபளத்தது. குழாய் இருந்த இடத்தில் ஒரு கல் மட்டும் மட்டத்துக்கு மேல் தூக்கிக்கொண்டிருந்தது.

பொன்செல்வியின் அம்மா மாரிக்கனி வயல்வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். யாரென்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க டீச்சர். தண்ணி தாரேன்னு சொல்லலாம்னா, பொட்டுத் தண்ணி இல்ல."

பக்கத்து வீட்டில் யாரோ சிரித்தார்கள்.

"எடுக்கும்போது நீங்க யாரும் சொல்லலையா?" என்றார் அனுராதா.

"சொல்லாம இருப்போமா? நாங்க எல்லாம் நடவுக்குப் போயிருந்தோம். வீட்ல இருந்தவுக கேட்டதுக்கு, அந்த கான்ட்ராக்ட்டு ஆளு செல்போன்ல படத்தக் காமிச்சிருக்கான். 'பள்ளிக்கூடத்துலேருந்து பாத்து எழுதி, சீல் வச்சுக் குடுத்திருக்காவ, இது காஞ்ச குழாய்'னு. டீச்சருமாரு சொன்னா சரியாத்தான இருக்கும்னு விட்டுட்டாவ. கல்லு பதிச்சப்புறம் திரும்ப வைப்பாவன்னு நெனச்சோம்."

வாய்க்கால் தண்ணீரில் குளிப்பார்கள், துவைப்பார்கள். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் அந்த ஒரு குழாய்தான். மற்ற தெருக்களில் வீட்டு இணைப்பு வந்துவிட்டதால் காய்ந்த குழாய்கள் போனதை யாரும் கவனிக்கவில்லை. இங்கே ஒரு வீட்டுக்கும் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் வீட்டு இணைப்பும் இல்லை.

தண்ணீர் திறந்துவிடும் வன்னியராஜை மறுநாள் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே பிடித்தார்.

"அண்ணாச்சி, வாய்க்கால்கரைக்கு என்னிக்கு விடுவீங்க?"

"அது தனி லைனு டீச்சர். அதுக்குத் தனி வால்வு. திங்கள், புதன், வெள்ளி, காலையில அஞ்சரைக்குத் தொறப்பேன், ஆறரைக்கு அடைச்சிருவேன். மத்த தெருவுக்கெல்லாம் தெனமும் ஒம்பதுலேருந்து பதினொண்ணு."

"குழாய எடுக்கப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். 'அதுல தண்ணி வருது சார்'னு நான் எஞ்சினியர்ட்ட சொல்லத்தான் செஞ்சேன். 'படத்துல இல்லன்னு போட்டிருக்கு வே, நீரு என்ன புதுசாச் சொல்லுதீரு'ன்னாரு. நான் தெனக்கூலி ஆளு. அதுக்கு மேல என்ன பேச?"

இருபது வருடம் இந்தத் தொட்டியின் கீழே நின்ற மனிதனின் சொல்லை, சனிக்கிழமை பத்து மணிக்குப் போன ஒரு பையனின் வட்டம் தள்ளிவிட்டது. பையன் பொய் எழுதவில்லை. அவன் பார்த்த நேரத்தில் குழாயில் தண்ணீர் இல்லை. எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பார்த்தது என்பதை எழுத அந்தப் படத்தில் ஓர் இடம் வைக்காதது அவன் தப்பல்ல.

பெருமாள்ராஜ் தட்டிக்கழிக்கவில்லை. அலுவலகத்துக்கு அவரே கூட்டிப்போனார். உள்ளே இருந்த எழுத்தர் கோப்பைத் திறந்தார். முதல் தாளே பிள்ளைகள் போட்ட படம். பள்ளி முத்திரை தெளிவாக விழுந்திருந்தது.

"பழைய குழாய் இருந்தவரைக்கும் யாரும் எதுவும் கேக்கல மேடம்," என்றார் எழுத்தர். "எடுத்தாச்சு. இனி வைக்கணும்னா புது இணைப்பு. எஸ்டிமேட் போடணும், தீர்மானம் வைக்கணும். எடம் வாய்க்கால் புறம்போக்கு. பொதுப்பணித்துறை தடையில்லன்னு எழுதித் தரணும். அங்க வீடு இருக்குன்னே அவங்க ஒத்துக்க மாட்டாங்க."

"தப்பு என்னுதுன்னு நான் எழுதித் தாரேன்."

"தாங்க. கோப்புல வைக்கேன்."

பெருமாள்ராஜ் படியிறங்கும்போது மெதுவாகச் சொன்னார்: "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க டீச்சர். நானும் நல்லதுக்குத்தான் வாங்கினேன். ரெண்டு பேரும் அந்த மனுசங்கள்ட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

அனுராதா இரண்டு பக்கம் எழுதினார். ஆகஸ்ட் ஐந்தாம் தேதி கணக்கெடுத்த நேரம், அந்த லைனுக்குத் தண்ணீர் விடும் நாட்கள், பதினோரு வீட்டு ஆட்களின் பெயர்கள், கையொப்பங்கள். கையெழுத்து வாங்க வீடு வீடாகப் போனபோது ஒரு கிழவர் மட்டும் பெருவிரல் வைக்க மறுத்தார். "போன தடவ நீங்க ஒண்ணும் வாங்காமலே புடுங்கினாவ. இப்ப கைநாட்டு வேற வாங்கிட்டுப் போறீய. வீட்டையும் புடுங்கிட்டா?" அனுராதா மைப்பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பத்து வீட்டுக் கையொப்பத்தோடு மனுவைக் கொடுத்தார்.

டிசம்பர் மூன்றாம் வாரம் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது. உறைகிணறுகளும் குழாய்களும் போன ஊர்களைப் பார்க்கவே அலுவலகங்களுக்கு நேரம் சரியாக இருந்தது. ஜனவரியில் நினைவூட்டல் எழுதினார். மார்ச்சில் இன்னொன்று.

வகுப்பில் அவர் யாரையும் எதுவும் சொல்லவில்லை. அப்ராரிடமும் பேசவில்லை. ஆனால் எப்படியோ அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, பஸ் ஸ்டாண்ட் குழாயில் பொன்செல்விக்கு முன்னால் நின்று அவள் குடத்தை அவன் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"வெலகு லே, நீ நெறைக்க மாட்ட, பாதியில தூக்கிருவ," என்று அவள் விரட்டிக்கொண்டிருந்தாள்.

அனுராதா மறுபக்கம் சுற்றிப் பள்ளிக்கு நடந்தார்.

2024 ஜூன் 18 தேதியிட்ட பதில் பள்ளி முகவரிக்கு வந்தது. கோரப்பட்ட இடம் நீர்நிலைப் புறம்போக்கு என்பதால் புதிய பொதுக்குழாய் அமைக்க வழிவகை இல்லை என்று அதில் இருந்தது. வாய்க்கால்கரைத் தெருவின் பதினோரு வீட்டாரும் பஸ் ஸ்டாண்ட் குழாயில் தண்ணீர் எடுக்கிறார்கள். தூரம் நானூற்று இருபது மீட்டர்.