சூளையில் வெந்த ஐந்தே முக்கால்

சாமிதுரையின் வெற்றிக் கோப்பை, அவர் சைக்கிளில் ஏறுவதற்கு நான்கு நாள் முன்பே சூளையிலிருந்து வெளியே வந்துவிட்டது. வெள்ளைப் பீங்கான். வயிற்றில் நீல எழுத்து: ‘நூறு மைல் நாயகன் சாமிதுரை – 5 மணி 45 நிமிடம்’. எழுத்தின் மேல் கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சைப் பூசிச் சுட்டது.

விருத்தாசலத்தில் பீங்கான் பியூஸ் கேரியர் சுடும் யூனிட் வைத்திருப்பவர், கோப்பையைக் கடையில் வாங்கினால் ஊர் சிரிக்கும். சொந்தச் சூளையில் சுடலாம் என்றால், சுட்டு ஆற நாளாகும். அதனால் ஓட்டப்போகும் நேரத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்காகத்தான் சைக்கிள் கிளப்பின் கூட்டம், தலைவர் சாமிதுரையின் ஆபீஸ் அறையில், அவர் வாங்கிக் கொடுத்த போண்டாவோடு நடந்தது.

மெடிக்கல் ஷாப் நடத்தும் மதிவதனிதான் கிளப்பின் செயலாளர். போன மாதம் சாமிதுரை நான்கு மணி நேரம் ஓட்டிப் பார்த்தது அவளுக்கு நினைவிருந்தது.

“அண்ணா, மொதோ மணி இருவத்தெட்டு கிலோமீட்டரு ஓட்டினீங்க. அடுத்தது இருவத்தாறு, இருவத்து நாலு, இருவத்து ரெண்டு. மணிக்கு ரெண்டு கொறையுது. இப்படியே ஏழு மணி நேரத்தயும் கூட்டினா நூத்தி அம்பத்து நாலு. நூறு மைலுன்னா நூத்தி அறுவத்தொண்ணு. மிச்சம் ஏழு. எட்டாவது மணியில உங்க வேகம் பதினாலு, அப்ப அரை மணி. மொத்தம் ஏழரை மணி நேரம். காலையில அஞ்சுக்குக் கெளம்பினா பன்னண்டரைக்கு வருவீங்க.”

“நா என்னா சூளையாம்மா, மணிக்கு மணி ஆறிக்கிட்டே வர?” என்றார் சாமிதுரை.

அவர் மனைவி சிந்தாமணியின் தம்பி பழமலைநாதன் போனைத் தட்டினான். “நூத்தி அறுவத்தொண்ண இருவத்தெட்டால வகுத்தா அஞ்சே முக்கா மாமா. பத்தே முக்காலுக்கு நீங்க யூனிட் கேட்டுல. பந்தலு, மைக்கு, சீஃப் கெஸ்ட் எல்லாம் அப்பவே ரெடியா இருக்கும். போனே சொல்லுது.”

“போனுக்கு முட்டி வலிக்குமாடா?” என்றாள் மதிவதனி. “ரெண்டு கொறையறதால பன்னண்டரைக்காச்சும் வருவாரு. மூணு மூணா கொறைஞ்சா பத்தாவது மணியில ஒரே ஒரு கிலோமீட்டருதான். அதோட வண்டி நின்னுடும். மொத்தமே நூத்தி நாப்பத்தஞ்சு. பந்தல்காரன் காத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான், தலைவரு வரவே மாட்டாரு.”

“அபசகுனமா பேசாத மதி” என்று சாமிதுரை போண்டாவை அவள் பக்கம் தள்ளினார். தன் சூளை ஆறும் வேகம் அவருக்கு அத்துப்படி. அவசரப்பட்டுக் கதவைத் திறந்த வேலையாளை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார். ஆனால் அது சூளை. இது சாமிதுரை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு யூனிட் வாசலில் கொடி அசைந்தது. வேப்பூர் போய், திருச்சி நெடுஞ்சாலையில் ஏறி, பெரம்பலூர் தாண்டித் திரும்பி வர வேண்டும். முதல் மணி நேரம் சாமிதுரை பறந்தார். கூட ஓட்டிய மதிவதனி பின்னால் எங்கோ புள்ளியாகி மறைந்தாள். மணிக்கு இருபத்திரண்டுக்கு மேல் போவதில்லை, கீழே வருவதுமில்லை என்று கிளம்பியவள் அவள். தபால்காரர் மாதிரி ஓட்டுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு ஹேண்டில்பாரில் இருந்த போன், முடியும் நேரம் 10:45 என்றது. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

எட்டு மணிக்கு அது 11:11 என்றது. பெரம்பலூர் தாண்டித் திரும்பி வந்துகொண்டிருந்தபோது, பத்து மணிக்கு, 11:42. போனின் கணக்கு எளிமையானது: இதுவரை வந்த சராசரி வேகத்திலேயே மிச்சத்தையும் போவார் என்று வைத்துக்கொள்ளும். அவர் இனியும் தளர்வார் என்பது அதற்குத் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் அது அவரைப் போலவே இருந்தது.

பத்தே முக்கால் தாண்டியதும் பழமலைநாதன் விடாமல் கூப்பிட்டான். “எங்க மாமா இருக்கீங்க? சீஃப் கெஸ்ட் மூணாவது டீ குடிக்கிறாரு.”

“இதோ வந்துட்டேன்டா.”

“இததான் போன தடவையும் சொன்னீங்க.”

பதினொரு மணிக்கு வேப்பூர் வர இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. போன் 12:00 என்றது. லாரிகளின் வெக்கை முகத்தில் அடித்தது. சாலையோர ஓட்டலின் புரோட்டா வாசனை குடலைப் பிடித்து இழுத்தது. கோப்பையைப் பற்றி அவர் நினைக்கவில்லை. வாழ்நாளில் நூறு மைல் ஓட்டியதில்லை. இந்த மிச்சத்தையும் மிதித்து முடித்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

சரியாகப் பன்னிரண்டு மணிக்கு மறுபடி போன் அடித்தது. ஊருக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர். மிதித்துக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டார்.

“மாமா, நீங்க வந்துட்டீங்க” என்றான் பழமலைநாதன்.

“எங்கடா?”

“இங்கதான். சீஃப் கெஸ்ட்டுக்குக் கல்யாணம் ஒண்ணு இருந்துச்சு, கெளம்பிட்டாரு. நீங்க பத்தே முக்காலுக்கே வந்து களைப்புல உள்ள படுத்திருக்கீங்கன்னு மைக்குல சொல்லி, கப்ப அக்கா கையில குடுக்க வச்சிட்டேன். போட்டோ எல்லாம் குரூப்புல போயாச்சு. அதனால இப்ப வராதீங்க மாமா, அசிங்கமா போயிடும். ரெண்டு மணிக்கு மேல, சனம் கலைஞ்சதும் பின்பக்கமா வாங்க.”

பக்கத்தில் ஒரு சைக்கிள் வந்து சேர்ந்தது. மதிவதனி. முகத்தில் அவசரமில்லை.

“ஏழு மணி நேரமும் இருவத்திரண்டுல வந்தேன்” என்றாள். “நீங்க மொதல்ல கூட ஓட்டினதும் கடைசியில கொறைச்சு ஓட்டினதும் சரிக்குச் சரியாப் போச்சு. ரெண்டு பேரும் ஒரே எடம்.”

“நா வந்துட்டேனாம் மதி.”

“கேட்டுச்சு.”

“இன்னும் எவ்ளோ நேரமாவும்?”

“உங்களுக்கு அரை மணி. எனக்குப் பத்தொம்போது நிமிஷம்.” சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நின்று ஆறுதல் சொல்லும் ரகமில்லை.

புளிய மரம் ஒன்று நிழலோடு நின்றது. அதன் கீழே இரண்டு மணி வரை படுத்தால் மானம் மிஞ்சும். சாமிதுரை அதைப் பார்த்தார். கால் நிற்கவில்லை.

பன்னிரண்டரைக்கு அவர் யூனிட் வாசலின் வரவேற்பு வளைவுக்குள் நுழைந்தபோது ஜனம் தட்டோடு நின்று பிரியாணி தின்றுகொண்டிருந்தது. பழமலைநாதன் பாய்ந்து மைக்கைப் பிடித்தான். “நம்ம தலைவரு! நூறு மைலு முடிச்சி, எழுந்து, ஒடம்பு இளக்க இன்னொரு ரவுண்டு போயிட்டு வர்றாரு!”

விசில் பறந்தது. சாமிதுரை சைக்கிளைச் சாய்த்துவிட்டு மைக்கைப் பிடுங்கினார்.

“பொய்யி. நா இப்பதான் வர்றேன். ஏழரை மணி நேரம் ஆச்சு. மதிவதனிதான் மொதோ ஆளு.”

பக்கத்து யூனிட் கலியபெருமாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு முதலில் கைதட்டினார். “என்னா தன்னடக்கம் பாருங்க! ஒரு பொண்ண தூக்கி விடறதுக்குத் தன் பெருமையவே உட்டுக்குடுக்குறாரு!”

“அவரு சொல்றது நெசம்ங்க” என்றாள் மதிவதனி.

“கூட ஓட்டின பொண்ணுக்கும் அதே அடக்கம்!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சாமிதுரை இன்னும் இரண்டு முறை உண்மையைச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் தட்டல் கூடியது.

சிந்தாமணி கோப்பையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள். “நீங்களே வச்சிக்கிங்க. எனக்குக் கையி வலிக்குது.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் அந்த ஐந்தைச் சுரண்டினார். பிறகு சைக்கிள் சாவியால் சுரண்டினார். ஒரு கீறல் விழவில்லை. அவர் யூனிட்டில் அவ்வளவு நல்ல கிளேஸ் அதற்கு முன் வந்ததே கிடையாது.