ஏழு நாளும் யாரும் கேட்கவில்லை

தபித்தாள் பதினோரு வருசம் மஸ்கட்டில் நர்ஸாக இருந்து கற்ற அரபு வார்டு அரபு. காய்ச்சல், ஊசி, "எங்க வலிக்குதும்மா" எல்லாம் சரளமாக வரும். எழுதச் சொன்னால் மட்டும் திருதிருவென்று முழிப்பாள். கோவையில் ஓமானிலிருந்தும் ஏமனிலிருந்தும் நோயாளிகள் வரும் ஒரு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் வேலை காலியாக இருந்தது. அதற்கு எழுத்துத் தேர்வு, பிறகு பேச்சுத் தேர்வு. கிடைத்தால் ஊரோடு இருக்கலாம். கிடைக்காவிட்டால் மறுபடி மஸ்கட், மறுபடி ரெண்டு வருசம். அருவங்காட்டு ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவள் புருசன் டக்ளஸ், எழுதிப் பாரு என்று மட்டும் சொன்னான். ஆனால் ராத்திரி சோறு சரியாக இறங்கவில்லை அந்த மனுசனுக்கு.

பக்கத்து ஊட்டு மைமூன் குன்னூரில் ஒரு பெண்கள் அரபுக் கல்லூரியில் பதினாறு வருசமாக இலக்கணம் நடத்துகிறவள். தபித்தாளின் வயசுதான். தோழிக்குப் பாடம் சொல்ல வந்தவள் உயிரை வாங்கினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கேத்திச் சந்தையில் கேரட்டுக் குவியல் முன்னால் நின்றுகொண்டு, "எத்தனை கேரட்டுனு கேளு" என்பாள். வார்டு அரபில் தபித்தாள் கேட்டால் தலையை ஆட்டுவாள்.

"'எத்தனை'ங்கற 'கம்'முக்குப் பின்னால ஒருமைதான் வரணும். அதுவும் 'ஐ' உருபு போட்ட மாதிரி, செயப்படுபொருள் வேற்றுமைல. கம் ஜஸரதன்."

"குவியலே கெடக்குது, ஒண்ணுன்னா கேக்கறது?"

"நாமளும் எத்தனை நாளுன்னுதான் கேக்கறோம், நாட்கள்னா கேக்கறோம்? எத்தனைன்னு தெரியாமத்தானே கேக்கறோம்."

அது தபித்தாளுக்குப் பிடித்துப்போயிற்று. நாள் என்றால் யவ்மன். எழுதும்போது கடைசியில் அலிஃப் என்ற ஒற்றைக்கோட்டு எழுத்து ஒன்று வைக்க வேண்டும். கேரட்டு மாதிரி தா-மர்பூதா எழுத்தில் முடிகிற சொல்லுக்கு அலிஃப் கிடையாது. தண்ணீர் போல எண்ண முடியாததென்றால் நடுவில் 'மின்' போட்டு, கம் மினல் மாஇ. விலை கேட்க பிகம். இதே 'கம்'மைக் கேள்வியாக இல்லாமல், "எத்தனை நாள் காத்துக் கெடந்தேன்" என்று அலுத்துக்கொள்ளவும் சொல்லலாம். அப்போது யவ்மன் இல்லை, யவ்மின். ஆறாம் வேற்றுமைக்குப் போய்விடும். ஒரு மாதம் சாம்பார் கொதிக்கும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் இதே பேச்சுத்தான். டக்ளஸ்கூட ஒருநாள், எத்தனை இட்லி வேணும் என்று அரபில் கேட்டு இருவரையும் சிரிக்க வைத்தான்.

எழுத்துத் தேர்வு நன்றாகவே போயிற்று. 'எத்தனை நாளாக வலி' என்ற கேள்விக்கு அவள் வைத்த அலிஃப் கம்பு மாதிரி நிமிர்ந்து நின்றது. பேச்சுத் தேர்வுக்கு நேராக வார்டுக்கே அழைத்துப் போனார்கள். கூடவே தேர்வாளராக ஒரு அரபுப் பேராசிரியர், கையில் மார்க் சீட்டோடு.

கட்டிலில் ஓமானின் சலாலாவிலிருந்து வந்த ஒரு வயசான அம்மா. தபித்தாள் மைமூனை நெஞ்சில் நிறுத்திக்கொண்டு, ஒரு விகுதியும் விடாமல், கம் யவ்மன் என்று ஆரம்பித்து முழு வாக்கியமும் சொன்னாள். அந்த அம்மா பயந்துபோய்ப் போர்வையை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு அது வீட்டில் யாரும் பேசாத, ரேடியோவில் செய்தி வாசிக்கிற அரபு. நோய் பெரிசு, சாவுச் செய்தி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள் பாவம். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மார்க் சீட்டு பக்கத்திலேயே நிற்கிறது. விகுதியை விட்டால் வேலை போகலாம். விடாவிட்டால் இந்த அம்மா வாயைத் திறக்கப் போவதில்லை. தபித்தாள் குனிந்து அவள் கையைப் பிடித்தாள்.

"கம் யோம், யா உம்மி?"

எத்தனை நாளும்மா, அவ்வளவுதான். அலிஃபும் இல்லை, உருபும் இல்லை. அந்த அம்மா திரும்பிப் பார்த்து, அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே எல்லாம் சொன்னாள். பேராசிரியர் வெளியே வந்ததும் உருபை ஏன் விட்டாய் என்று கேட்டார். "எழுதத் தெரியுமுங்க சார். ஆனா அவங்க பயந்துட்டாங்க" என்றாள். அவர் விடைத்தாளை எடுத்து அந்த அலிஃபைப் பார்த்தார். அதன்மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டி, திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

பஸ் மலையேறும்போது சந்தோசத்தைவிடக் குற்ற உணர்ச்சிதான் அதிகம். ஒரு மாதம் தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்ததை ஒரு நொடியில் விட்டுவிட்டோமே, மைமூன் முகத்தில் எப்படி முழிப்பது? அவள் ஊட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். மைமூன் கோபிக்கவில்லை. வேலை கிடைத்ததைக்கூட முதலில் காதில் வாங்கவில்லை.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"ஏழு நாளாம். ஏழு நாளும் யாருமே கேக்கலையாம்."

மைமூனுக்குக் கண் கலங்கியிருந்தது. பதினாறு வருசத்தில் ஓர் அரபுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை அவள்.

"திங்கக்கெழமை லீவு போடறேன் தபித்தா. என்னையும் கூட்டிட்டுப் போ. நான் ஒண்ணும் திருத்த மாட்டேன். அவங்க பேசறதைக் கேட்டுட்டு ஓரமா உக்காந்திருக்கேன்."