கோளாறு சிம்மிலா, போனிலா?

தையல்காரி காலையிலிருந்து தங்கையின் பிரசவச் செய்திக்காகத் தவித்துக்கொண்டிருந்தாள். அவள் போனோ 'சிம் இல்லை' என்று ஒரே பிடிவாதமாகச் சாதித்தது. பாதி தைத்த ரவிக்கையை மெஷினிலேயே விட்டுவிட்டு எதிரிலிருந்த போன் ரிப்பேர் கடைக்கு ஓடினாள்.

"அண்ணே, சிம் செத்துப்போச்சா?"

"மாத்திப் போட்டுப் பார்த்தாத்தாம்மா தெரியும்." கடைக்காரர் தன் சிம்மைக் கழற்றி அவள் போனில் போட்டார். அப்போதும் 'சிம் இல்லை'. பிறகு அவள் சிம்மைத் தன் போனில் செருகினார். சிக்னல் கோடுகள் மளமளவென்று ஏறின.

"உங்க சிம் நல்லாத்தான் இருக்கு. போன்லதான் கோளாறு. சிம் உட்கார்ற இடம்..."

அவர் முடிப்பதற்குள் அவர் கையிலிருந்த போன் அலறியது. திரையில் பெயரில்லை, வெறும் எண்தான். ஆனால் தங்கை புருஷனின் எண் அவளுக்கு மனப்பாடம். வெடுக்கென்று வாங்கிக் காதில் வைத்தாள்.

"அக்கா! ரெட்டைப் பொண்ணு! மூணு பேரும் நல்லா இருக்காங்க!"

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "நான் பெரியம்மா ஆயிட்டேன்!" என்று கூவியபடி, போனைக் காதிலிருந்து எடுக்காமலே தெருவில் இறங்கி ஓடினாள்.

"யம்மா, அது என் போனு!" கடைக்காரர் அவளுடைய போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் பின்னாலேயே ஓடினார்.