வராத படத்துக்கு மூன்று நிறம்

எங்கள் பட்டறையில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தக் கர்வம் எனக்கு உண்டு. அதனால்தான் அன்றைக்கு முதலில் முட்டாளானதும் நானே.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம், ஆடி மாசம். உக்கடத்தில் நசுருதீன் பாயின் துணிப்பை பிரிண்டிங் பட்டறை. மூன்று மாதமாக ஆர்டர் இல்லை. இந்த வாரமும் வராவிட்டால் மேஜைகளை விற்றுவிட்டு இடத்தைக் காலி செய்வது என்று பாய் முடிவு செய்திருந்தார். எனக்கும் வேலை போய்விடும். கிணத்துக்கடவிலிருந்து இனி எந்த பஸ் ஏறி எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் டென்மார்க்கிலிருந்து ஈமெயில் வந்தது. பிரவுசிங் சென்டர் ஜெரோம் அதை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தனுப்பியிருந்தார்.

"இந்தப் படத்தைப் பாருங்கள். இதைப் பையில் அச்சிட எத்தனை நிறம் ஆகும்? ஐயாயிரம் பை வேண்டும். இன்றே பதில் சொல்லுங்கள்."

நான் சத்தமாகத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் பட்டறையே எழுந்து நின்றுவிட்டது. ஐயாயிரம்! பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"யானைதானுங்க பாய்," என்றான் சாஜித். துணியில் மை இறக்கும் ஸ்கிரீன் போடுகிறவன் அவன்தான். "போன மாசமே இந்த டென்மார்க் அம்மா யானை போடுவீங்களான்னு கேட்டாங்கல்ல?"

"அதேதான்," என்றார் பாய். "சாம்பல், கருப்பு, முதுகுத் துணிக்குச் செகப்பு. மூணு நெறம். அம்மணி, மூணுன்னு எழுதிப்போடு. படம் ரொம்ப லட்சணமா இருக்குதுங்கன்னும் சேத்துக்கோ."

எங்கள் ஊர் மரியாதை அப்படி. மாப்பிள்ளை போட்டோ கவரை விட்டு வெளியே வருவதற்குள் லட்சணம் என்று சொல்லிவிடுவோம். நானும் தலையாட்டிக்கொண்டே பேனாவை எடுத்தேன். அப்புறம்தான் தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் வெறும் வெள்ளை.

"பாய், படம் எங்கீங்க?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்கும். எழுதும்மா."

"பாக்காம எழுத மாட்டேனுங்க."

எனக்குக் கோபம் வந்தால் குரல் தன்னால் ஏறும். பாய் முகம் சுருங்கியது. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டார். மூவரும் டவுன்ஹாலில் இருந்த ஜெரோமின் பிரவுசிங் சென்டருக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

ஜெரோம் கடிதத்தைத் திறந்து காட்டினார். "படம் கூட வந்தா இங்க ஒரு கிளிப் குறி இருக்குமுங்க. இல்லை. அளவு பாருங்க, ஒரு கேபி. படம்னா ஐம்பது, நூறாவது இருக்கும். தொறக்கவே ரெண்டு நிமிஷம் ஆகும். இது தொட்டதும் தொறந்துருச்சே! எழுத்து மட்டும்தானுங்க வந்திருக்கு."

"அவங்க அனுப்பலையா?" என்றார் பாய்.

"வழியில போச்சோ, சேக்க மறந்தாங்களோ, இங்கிருந்து சொல்ல முடியாதுங்க. வரலைங்கறது மட்டும் நிச்சயம்."

பாய் என் கையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார். "வரலைன்னு எழுதினா நம்மள ஒண்ணும் தெரியாதவங்கன்னு நெனச்சுடுவாங்க அம்மணி. வேற பட்டறைக்குக் கொடுத்துடுவாங்க. மூணுன்னே போட்டுடலாமா?"

அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் யானையாகவே இருக்கட்டும், அதன் மேல் எத்தனை நிறம் என்று யாருக்குத் தெரியும்? "உங்கள் கடிதம் வந்தது. படம் வரவில்லை. பார்க்காமல் நிறம் சொல்ல முடியாது. தயவுசெய்து மறுபடி அனுப்புங்கள்," என்று தட்டி, பாய் தடுப்பதற்குள் அனுப்பிவிட்டேன்.

அங்கேயே உட்கார்ந்தோம். ஜெரோம் வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போனது. மணி மூன்று. அங்கே இப்போது காலை பதினொன்றரைதான், ஆபீஸில் ஆள் இருக்கும் நேரம் என்றார் ஜெரோம். மூன்றே முக்காலுக்குப் பதில் வந்தது. கிளிப் குறியோடு!

"மன்னிக்கவும், படத்தைச் சேர்க்க மறந்தது நான்தான். மூன்று பட்டறைகளுக்கு அதே கடிதத்தை அனுப்பினேன். ஒருவர் நான்கு நிறம் என்றார். இன்னொருவர் இரண்டு என்றார். இருவருமே படம் மிக அழகு என்றார்கள். படம் எங்கே என்று கேட்டது நீங்கள் மட்டும்தான். ஆர்டர் உங்களுக்கு."

நான் படித்துச் சொன்னதும் சாஜித் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தான். பாய் அமைதியாகத் திரையைக் காட்டினார். "படத்தைத் தொறங்க ஜெரோம்."

மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. முதலில் வெறும் வெள்ளை. பிறகு இரண்டு முனைகள். "தந்தம்," என்றான் சாஜித். "காதுடா," என்றார் பாய். பிறகு மீசை. நாங்கள் மூச்சுவிடவில்லை. கடைசியில் வால். கருப்புக் கோட்டில் வரைந்த ஒரு பூனை, அவ்வளவுதான்.

"ஒரே நெறம்!" என்று கத்தினேன்.

பாய் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "இப்ப எழுது அம்மணி. படம் ரொம்ப லட்சணமா இருக்குதுங்க."